'தகாத வார்த்தைகளால் திட்டினார்'

(அல்லிநகரத்தில் நண்பர்கள் நடத்தும் மாத வாசிப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தமிழ் நாவல்களில் பேச்சுமொழி என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. ஏன் அதை எடுத்தாய் என்று கேட்கிறவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்கிற பதில் ஒன்று இருக்கிறது. பேச்சுத்தமிழில் இத்தனை வசவு இருக்கிறதே, எழுத்துத்தமிழில் ஏன் இல்லை, நாவலாசிரியர்கள் அந்த இடைவெளியை எப்படிக் கடக்கிறார்கள் என்று பார்க்கிறேன் என்பேன். அது உண்மைதான். ஆனால் கேள்வி எனக்கு நூலகத்தில் பிறக்கவில்லை. நம்ம ஊரில், ஒரு மனு எழுதும்போது பிறந்தது. இன்று அதைச் சொல்கிறேன்.

2016. நான் முதுகலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு. என் அத்தை ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர். விடியக்காலையில் இங்கிருந்து ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வழியாகக் கேரளாவுக்குப் போய், பொழுது சாய வீடு திரும்புகிற வேலை. உங்களில் பல பேருடைய அம்மா, அக்காவுக்கு இதே வேலைதான். அன்றைக்கு அத்தைக்கு முட்டி வீங்கியிருந்தது. காலை மடக்க முடியாது என்று ஜீப்பின் முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டார். வண்டிக்காரர் வந்து பார்த்தார். அந்த சீட்டு வேறு யாருக்கோ. அத்தனை பேர் முன்னால் அவர் சொன்னது: "பறத் தேவிடியா, எந்திரிடி."

இதை நான் இங்கே முழுசாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அன்றைக்கு நான் இதை எழுதவில்லை.

இரவு அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னார். அவர் எப்படிக் கையை நீட்டினார், எந்தச் சொல்லை அழுத்தினார் என்பது வரை செய்து காட்டினார். போலீசில் கொடுக்க மனு எழுதச் சொன்னார். வீட்டில் தமிழ் படித்தவன் நான்தானே. வெள்ளைத்தாளில் எழுதினேன்: "மேற்படி நபர் பொது இடத்தில் என்னைத் தகாத வார்த்தைகளால் திட்டி, வாகனத்திலிருந்து இறக்கிவிட்டார்." ஒரு சந்திப்பிழை இல்லை. படித்துக் காட்டினேன். அத்தை கேட்டார்: "அவன் சொன்னது எங்கடா?" நான் சொன்னேன்: "இதுக்குள்ள வந்துருச்சு அத்தை. அதெல்லாம் அப்படியே எழுதக்கூடாது."

காவல் நிலையத்தில் மனுவைப் படித்தவர் ஒரே கேள்விதான் கேட்டார். தகாத வார்த்தை என்றால் என்ன வார்த்தை? அத்தை வாயால் சொன்னார். "மனுவில் சாதிப் பெயர் இல்லையே" என்றார் அவர். மனு ரசீது கொடுத்தார்கள். நான்கு நாள் அலைந்தபிறகு ஒரு வழக்கறிஞரைப் பார்த்தோம். அவர் பொறுமையாக விளக்கினார்.

பொது இடத்தில் ஆபாசமாகப் பேசினால் அன்றைக்கு இந்திய தண்டனைச் சட்டம் 294 (பி). அதிகபட்சம் மூன்று மாதம். பட்டியல் சாதி ஒருவரைப் பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3 (1) (எஸ்). குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் ஐந்து வருடம். 2015 திருத்தத்தில் வந்த உட்பிரிவு. 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்திருந்தது. அதாவது, சாதிப் பெயர் சொல்லப்பட்டதா என்பதுதான் அங்கே குற்றமே. "தகாத வார்த்தை" என்று எழுதிய உடனேயே நான் அத்தையின் வழக்கை இரண்டாவது சட்டத்திலிருந்து தூக்கி முதல் சட்டத்தில் போட்டுவிட்டேன். இனிமேல் சொல்லைச் சேர்த்து இன்னொரு மனு கொடுக்கலாம், ஆனால் முதல் மனுவில் இல்லாததை யோசித்துச் சேர்த்தார்கள் என்று எதிர்த்தரப்பு கேட்கும் என்றார். கடைசியில் ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடித்தார்கள். எப்படி முடித்திருப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

பிறகு பல நாள் அந்த மனுவின் நகலை எடுத்து எடுத்துப் பார்த்தேன். அப்போதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. அவர் அத்தையை "எந்திரிடி" என்றார். என் மனுவில் அந்த "டி" இல்லை. ஆனால் அவருக்கு "திட்டினார், இறக்கிவிட்டார்" என்று மரியாதை விகுதி இருக்கிறது. எழுத்துத்தமிழ் என் கையைப் பிடித்து, அத்தைக்குக் கிடைத்த அவமானத்தை அழித்துவிட்டு, அவமானப்படுத்தியவருக்கு "ஆர்" போட்டுக் கொடுத்திருந்தது. நான் தீய எண்ணத்தில் எழுதவில்லை. எனக்குத் தெரிந்த நல்ல தமிழே அதுதான்.

அந்த நல்ல தமிழ் எங்கிருந்து வந்தது?

பள்ளிக்கூடத்தில் இடக்கரடக்கல் படித்திருப்பீர்கள். அவையில் சொல்லக் கூசுகிற சொல்லை வேறு சொல்லால் மறைப்பது. "கால் கழுவி வந்தேன்" என்று உதாரணம் கொடுப்பார்கள். நன்னூல் இதைத் தகுதி வழக்கு என்ற தலைப்பில் வைக்கிறது. அதற்கும் முன்னால் தொல்காப்பியம், அவையில் சொல்லத்தகாத சொல்லை மறைத்துச் சொல்ல வேண்டும் என்கிறது. விதி சொன்னவர் தாமே அதைக் கடைப்பிடிக்கிற ஓர் இடம் இருக்கிறது. மாட்டுச் சாணத்துக்குப் பழைய சொல் ஆப்பி. பசுவைக் குறிக்கும் "ஆ", அதனுடன் "பீ". இரண்டும் சேரும்போது நடுவில் "ப்" தோன்றும், நெடில் குறுகும் என்று புணர்ச்சி விதி எழுத வேண்டும். தொல்காப்பியர் "பீ" என்று எழுதவில்லை. ஈகாரத்தோடு சேர்ந்த பகரம் என்று எழுத்தின் பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். "தகாத வார்த்தை" என்று நான் எழுதியதற்கு இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னோடி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அதற்கு அடுத்த விதி நமக்கு வகுப்பில் சொல்லித் தரப்படுவதில்லை. மறைக்கும்போதும், நெடுநாள் பழகிப்போன சொல்லை மறைக்க வேண்டியதில்லை என்று தொல்காப்பியமே விலக்குக் கொடுக்கிறது. உரைகாரர்கள் ஆட்டுப் பிழுக்கை, யானை இலண்டம், ஆப்பி என்று உதாரணம் காட்டுகிறார்கள். ஆக, எது மறைக்க வேண்டிய சொல், எது பழகிய சொல் என்பதைச் சொல் தீர்மானிக்கவில்லை. அவை தீர்மானிக்கிறது. அவையில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்கள் தீர்மானிக்கிறார்கள். வழக்கு என்பது உயர்ந்தோருடையது என்பதும் அதே நூலின் மரபியலில் இருக்கிறது. மற்றவர்கள் பேசுவதற்குப் பின்னாளில் ஒரு பெயர் வந்தது: இழிசனர் வழக்கு. இந்தப் பெயரைக் கொஞ்சம் கவனியுங்கள். இழிந்த சொல் என்று சொல்லைக் குறை சொல்லவில்லை. இழிந்த சனம் பேசுகிற பேச்சு என்று ஆளைக் குறை சொல்கிறது.

இன்றைக்கு நாம் புழங்குகிற "கொச்சை" என்ற சொல்லும் அதே வேலையைச் செய்கிறது. "போயிட்டான்" என்று மாணவன் தேர்வுத்தாளில் எழுதினால் ஆசிரியர் கொச்சை என்று அடிக்கோடு போடுவார். தெருவில் ஒருவன் அசிங்கமாக வைதால் அதுவும் கொச்சை. என் அப்பத்தா பேசுகிற சாதாரணப் பேச்சுக்கும் ஆபாசத்துக்கும் ஒரே பெயர். நம்மில் பல பேர் பள்ளிக்கூடத்தில் வாயைத் திறக்கவே கூசியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் எளிமையானது. எழுத்துத்தமிழை யாரும் தாய்மடியில் கற்பதில்லை. அதில் யாரும் யாரையும் தூங்க வைத்ததில்லை, குழந்தைக்குக் குண்டி கழுவிவிட்டதில்லை, குழாயடியில் சண்டை போட்டதில்லை. பிரம்பு வைத்திருக்கிற ஆசிரியர் முன்னால் உட்கார்ந்து, தேர்வுக்கும் மனுவுக்கும் மேடைக்கும் என்று கற்கிறோம். கோபம் வருகிற இடங்களில் புழங்காத மொழியில் கோபத்துக்குச் சொல் முளைக்காது.

அதனால்தான் வசவை எழுத்துத்தமிழுக்கு மாற்றினால் அது செத்துவிடுகிறது. நம்ம பக்கம் எல்லார் வாயிலும் வருகிற "ங்கொப்பன்", "ங்கோத்தா" இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். விரித்து எழுதினால் "உங்கள் அப்பன்", "உங்கள் ஆத்தாள்". இதில் ஒரு கெட்ட வார்த்தையும் இல்லை. "உங்கள்" என்று மரியாதைகூட இருக்கிறது. பிறகு எங்கே வசவு? அந்த "உ" விழுந்து, மூக்கில் ஒலி இறுகி, சொல் வெடிக்கிற இடத்தில். அதைத்தான் எழுத்து அனுமதிப்பதில்லை. தொல்காப்பியப்படி "ங" சொல்லின் முதலில் வராது. நன்னூல் "ஙனம்" என்ற ஒரு வடிவத்துக்கு மட்டும் இடம் தருகிறது. புள்ளி வைத்த மெய்யில் தமிழ்ச்சொல் எதுவும் தொடங்கவே கூடாது. எனவே இந்தச் சொல்லை எழுத உட்காருகிறவர் முதல் எழுத்திலேயே இலக்கணத்தை மீறியாக வேண்டும். "ஒங்கொப்பன்", "ங்கொப்பன்", "ஙொப்பன்" என்று மூன்று விதமாகவும் நான் அச்சில் பார்த்திருக்கிறேன். எழுத்து முடிவாகாமல் இருப்பதே, இது இன்னும் அவைக்குள் விடப்படாத சொல் என்பதற்கு அடையாளம்.

இதுவரைக்கும் சொன்னதை வைத்து, எழுத்துத்தமிழ் சுத்தமானது, பேச்சுத்தமிழ் அழுக்கு என்று முடிவுக்கு வந்துவிடக்கூடாது. எழுத்துத்தமிழ் எதை விலக்கியது, எதை வைத்துக்கொண்டது என்று பார்க்க வேண்டும்.

விலக்கியது உடம்பு சம்பந்தப்பட்ட சொற்களை. வைத்துக்கொண்டது மேல் கீழ் சம்பந்தப்பட்ட சொற்களை. புலையன், சண்டாளன், இழிகுலத்தான், கீழ்மகன் எல்லாம் செய்யுளிலும் உரைநடையிலும் கூச்சமில்லாமல் வருகின்றன. "பீ" என்று எழுதக் கை கூசிய பண்டிதருக்குப் "புலையன்" என்று எழுதக் கூசியதில்லை. மேடையில் தூய தமிழ் பேசுகிறவர்கள் "அடப்பாவி சண்டாளா" என்று சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். அது அவர்களுக்குக் கெட்ட வார்த்தை இல்லை. சண்டாளர் என்பது தமிழ்நாட்டுப் பட்டியல் சாதிகளின் பட்டியலில் உள்ள ஒரு சமூகத்தின் பெயர். 2024 ஜூலையில்தான் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினருக்கான மாநில ஆணையம், இந்தப் பெயரை வசவாகவும் நகைச்சுவையாகவும் பயன்படுத்தக் கூடாது என்று அறிவிக்க வேண்டி வந்தது.

என் அத்தைக்குக் கிடைத்த வசவையே பாருங்கள். அதில் இரண்டு சொல். பறையன் என்ற பெயர் புறநானூற்றில் துடியன், பாணன், கடம்பனோடு வரிசையில் நிற்கிறது. தேவரடியார் என்பது சோழர் கல்வெட்டுகளில் கோயிலைச் சேர்ந்த பெண்களைக் குறித்த பெயர். இரண்டும் நல்ல எழுத்தில், கல்லிலும் ஓலையிலும் இருந்த சொற்கள். அவற்றை வசவாக்கியது நாக்கு அல்ல. அந்த மக்கள் எங்கே நிறுத்தப்பட்டார்களோ அந்த இடம். "கம்மனாட்டி" என்பது கைம்பெண்டாட்டி. கணவனை இழந்த பெண் என்ற தகவல் மட்டும்தான் அந்தச் சொல்லில் இருக்கிறது. அது வசவாக இருக்கிறது என்றால், நாம் கைம்பெண்ணை எப்படி நடத்தினோம் என்பதற்கு அதுவே சாட்சி. திருக்குறளில் கவரிமாவோடு கௌரவமாக நிற்கிற "மயிர்" இன்றைக்கு வசவாகி, நாம் "முடி" வெட்டப் போகிறோம். இந்த ஒன்றில் மட்டும்தான் உடம்பு காரணம். மற்றதிலெல்லாம் சமூகம்.

இப்போது நாவலாசிரியர்களுக்கு வருகிறேன்.

எழுத்துத்தமிழில் வசவு நுழைய முன்பே ஒரு வாசல் இருந்தது. பள்ளு இலக்கியம். அதில் மூத்த பள்ளியும் இளைய பள்ளியும் ஒருவரையொருவர் ஏசுகிற பகுதி கட்டாயம் உண்டு. எழுதியவர் புலவர், கேட்டு ரசித்தவர்கள் பண்ணைக்காரர்கள், வசவு மட்டும் பள்ளப் பெண்களின் வாயில். அவைக்கு வசவின் ருசி வேண்டும், ஆனால் தன் வாயில் வேண்டாம். இந்த ஏற்பாடு நவீன நாவல் வரைக்கும் தொடர்ந்திருக்கிறது. ஒரு நாவலை எடுத்து, அதில் யார் யார் கெட்ட வார்த்தை பேசுகிறார்கள் என்று பென்சிலால் குறித்துக்கொண்டே போங்கள். சேரிக்காரர், குடிகாரர், சந்தைக்காரப் பெண் மட்டும் பேசி, பண்ணையார் கடைசி வரை பதமாகப் பேசினால், அது பள்ளு எழுதிய அதே கைதான். நம் அனுபவம் நேர் எதிர். நம்மை நோக்கி வந்த மிக மோசமான சொற்கள் வெள்ளை வேட்டியிலிருந்து வந்தவை.

இடைவெளியைக் கடக்க எழுத்தாளர்கள் கையாளுகிற வழிகள் என்று நான் மூன்றைப் பார்க்கிறேன். முதலாவது, மூடிவைப்பது. "வாய்க்கு வந்தபடி வைதாள்" என்று கதைசொல்லி சொல்லிவிடுவார். அல்லது முதல் எழுத்தைப் போட்டுப் புள்ளி வைப்பார். வாசகர் நிரப்பிக்கொள்வார். உடம்புச் சொல் என்றால் இதில் பெரிய நட்டமில்லை. சாதிச் சொல்லுக்கும் அதே புள்ளியை வைக்கும்போதுதான் என் மனுவில் நடந்தது நாவலிலும் நடக்கிறது.

இரண்டாவது, கதைசொல்லியின் மொழி எழுத்துத்தமிழ், உரையாடல் பேச்சுத்தமிழ் என்று வேலியைப் பிரிப்பது. பூமணி "பிறகு", "வெக்கை" நாவல்களில் இதைச் செய்தார். 1979, 1982 இல் வந்தவை. பூமணியிடம் கதைசொல்லியே ஊர்ப்பக்கம் ஒட்டி நிற்பதால் வேலி உயரமாகத் தெரிவதில்லை. மதுரையை எழுதிய ஜி. நாகராஜன், தியேட்டரில் வேலை செய்யும் சிறுவர்களை "நிழல்முற்ற"த்தில் எழுதிய பெருமாள்முருகன், நம்ம அல்லிநகரத்திலேயே இருந்துகொண்டு உழைப்பாளிகளின் பேச்சை எழுதுகிற ம. காமுத்துரை என்று இந்த வழியில் பலர் வந்திருக்கிறார்கள். ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மேற்கோள் குறிக்குள் இருப்பவர்கள் வைகிறார்கள். குறிக்கு வெளியே இருக்கிற கதைசொல்லி கை கழுவியபடி நிற்கிறார். படிக்கிறவரும் வெளியே, அவர் பக்கத்திலேயே நிற்கிறார்.

மூன்றாவது, வேலியையே எடுத்துவிடுவது. அதைச் செய்தவர் பாமா. "கருக்கு" 1992 இல் வந்தது, "சங்கதி" 1994 இல். இரண்டிலும் கதை சொல்கிற குரலே பேச்சுமொழி. ஊரைப் பற்றி இவ்வளவு வெளிப்படையாக எழுதியதற்காக ஊரே கோபப்பட்டது. கொஞ்ச காலம் ஊருக்குள் போக முடியவில்லை என்று பாமாவே சொல்லியிருக்கிறார்.

"சங்கதி"யில் ராக்கம்மா வருகிற இடத்தை என் ஆய்வில் நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். புருஷன் அவளைப் போட்டு அடிக்கிறான், மிதிக்கிறான். அவள் தெருவுக்கு வந்து அவனை வைகிறாள். சாதாரண வசவு இல்லை. அவனுடைய உடம்பு, அவளுடைய உடம்பு எல்லாம் வருகிறது. கூட்டம் கூடுகிறது. அவன் மறுபடி அடிக்க வருகிறான். அவள் எல்லார் முன்னாலும் சேலையைத் தூக்கிவிடுகிறாள். அவன் அந்த இடத்தை விட்டுப் போய்விடுகிறான். வேடிக்கை பார்த்த பெண்கள் இவளைத்தான் குறை சொல்கிறார்கள். அவள் திருப்பிக் கேட்கிறாள்: இப்படிச் செய்யாமல் இருந்திருந்தால் அவன் என்னைக் கொன்றே போட்டிருப்பானே.

இதை மற்ற இரண்டு வழிகளில் எழுதிப் பாருங்கள். "ராக்கம்மா தன் கணவரைத் தகாத வார்த்தைகளால் திட்டி, அநாகரிகமாக நடந்துகொண்டாள்." சம்பவம் முழுக்க வந்துவிட்டது. ஆனால் குற்றவாளி மாறிவிட்டாள். வசவை வெட்டியதும் அவளிடமிருந்த ஒரே ஆயுதத்தையும் பிடுங்கிக்கொண்டோம். உரையாடலில் மட்டும் வசவை விட்டு, கதைசொல்லியை நல்ல தமிழில் நிறுத்தினால், கதைசொல்லியும் அந்தத் தெருவில் வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவராகிவிடுவார். பாமாவின் கதைசொல்லி ராக்கம்மாவின் மொழியிலேயே பேசுவதால், அவளைக் கீழே பார்க்க ஓர் இடம் கிடைப்பதில்லை. பிறகு அந்தப் பெண்கள் ஏன் இப்படிப்பட்ட சொற்களைப் பேசுகிறார்கள் என்ற கேள்வியையும் புத்தகம் உள்ளேயிருந்தே எடுத்துப் பேசுகிறது. அந்தப் பதில் அவைக்குச் சொல்லப்பட்ட சமாதானம் இல்லை. அந்தப் பெண்களின் வாழ்க்கையிலிருந்து வருகிற பதில்.

இதைச் சொல்லும்போது நம் தோழர்கள் சிலர் உடனே உற்சாகமாகி, வசவுதான் விடுதலை மொழி என்று கிளம்பிவிடுகிறார்கள். அப்படி இல்லை. ராக்கம்மாவின் வசவும் ஜீப்புக்காரரின் வசவும் ஒரே சொற்பட்டியலிலிருந்து வருகின்றன. அந்தப் பட்டியலில் பெரும்பாலும் தாய், கைம்பெண், சாதி. நாம் ஆதிக்கச் சாதிக்காரனை வையும்போதுகூட அவன் அம்மாவைத்தான் இழுக்கிறோம். அவள் நமக்கு என்ன செய்தாள்? இமையத்தின் "கோவேறு கழுதைகள்" 1994 இல் வந்தபோது நமக்குள்ளேயே கடும் வாதம் நடந்தது. தலித்துகளுக்குத் துணி வெளுக்கிற புதிரை வண்ணார் குடும்பத்தின் கதை அது. அதில் ஆரோக்கியத்தின் மீது விழுகிற பேச்சு நம் தெருவிலிருந்தே வருகிறது. நமக்கு மேலேயிருந்து வந்த சொல், நம் வாய் வழியாக இன்னும் கீழே போகிறது. அதையும் நாவல் எழுத்தில் வைத்தது. அது நமக்குச் சங்கடமாக இருந்தது, இருக்கவும் வேண்டும். வசவை அப்படியே எழுதுவதன் பயன் அதைக் கொண்டாடுவதில் இல்லை. யார், யாரை, யார் முன்னால், எந்தச் சொல்லால் என்பது பதிவாகிறது என்பதில் இருக்கிறது. நாவல் இதை மெதுவாக நமக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. மனு இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

எனவே ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இங்கே இருக்கிற உங்களில் பல பேரிடம் தெருவில் யாராவது வந்து "தம்பி, ஒரு மனு எழுதிக் குடு" என்று கேட்பார்கள். எழுதும்போது சொன்ன சொல்லை அப்படியே மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். "டி", "டா", "லே" எதையும் விடாதீர்கள். "எந்திரிடி" என்பதை "எழுந்திரு" என்று திருத்தாதீர்கள். எந்த இடம், எத்தனை மணி, பக்கத்தில் யார் யார் நின்று கேட்டார்கள் என்று எழுதுங்கள். எழுதியதைக் கொடுக்கிறவருக்குப் படித்துக் காட்டி, இதுதான் சொன்னாரா என்று கேளுங்கள். எழுதத் தெரியாதவர் நிலையத்தில் வாயால் சொன்னாலும், அதிகாரி அதை எழுதி, கையெழுத்து வாங்கும் முன் படித்துக் காட்ட வேண்டும் என்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் நான்காம் பிரிவிலேயே இருக்கிற கடமை. படித்துக் காட்டும்போது காதில் விழவேண்டியது நம்மாட்களுடைய சொல். நம்முடைய நல்ல தமிழ் அல்ல.

சட்டத்தின் எண்கள் மாறியிருக்கின்றன. 294 போய் 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதா 296 வந்திருக்கிறது. "தகாத வார்த்தைகளால்" என்ற வரி மட்டும் மாறவில்லை.

போன வருடம் ஊருக்கு வந்திருந்தபோது, "சங்கதி"யில் அந்த ராக்கம்மா பகுதியை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். அவருக்கு இப்போது முட்டி சுத்தமாக மடங்குவதில்லை, தோட்டத்துக்குப் போவதில்லை. முதலில் சிரித்தார். "இதெல்லாம் புஸ்தகத்துல போடுவாங்களா?" என்றார். போடுவார்கள், பல்கலைக்கழகத்தில் பாடமாகக்கூட வைக்கிறார்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்:

"அப்ப அன்னைக்கு நான் சொன்னத மட்டும் ஏன்டா எழுத மாட்டேன்னுட்ட?"

அந்தக் கேள்விக்குத்தான் நான் ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கிறேன்.